டெலே ஏ1: வாரம் ஐந்து மணி நேரத்தை எப்படிச் செலவழிப்பது?

கேள்வி: நான் கிருஷ்ணகிரி. ஓசூரில் வேலை, தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். என் அத்தைப் பெண் தருமபுரியில் காலேஜ் கடைசி வருஷம். இரண்டு பேரும் ஆன்லைனில் ஸ்பானிஷ் தொடக்க வகுப்பு முடித்துவிட்டோம். டெலே என்ற ஸ்பானிஷ் சான்றிதழ்த் தேர்வில் தொடக்க நிலையான ஏ1 எழுத மூன்று மாதம் இருக்கிறது. வாரத்துக்கு ஐந்து மணி நேரம்தான் ஒதுக்க முடியும். கேட்பது, எழுதுவது, பேசுவது மூன்றையும் எப்படிப் பிரித்துக்கொள்வது?

முதலில் மார்க் கணக்கைப் பாருங்கள். வாரத்தை எப்படிப் பிரிப்பது என்பதை அதுவே சொல்லிவிடும். டெலே ஏ1-ல் நான்கு தேர்வுகள்: வாசிப்பு 45 நிமிடம், கேட்டல் 25 நிமிடம், எழுத்து 25 நிமிடம், பேச்சு சுமார் 10 நிமிடம். பேச்சுக்கு முன்னால் தயாராக இன்னொரு 10 நிமிடம் தருவார்கள். ஒவ்வொன்றுக்கும் 25 மார்க், மொத்தம் 100. ஆனால் மொத்தத்தில் 60 எடுத்தால் பாஸ் என்று நினைத்துவிடாதீர்கள். வாசிப்பும் எழுத்தும் ஒரு ஜோடி, கேட்டலும் பேச்சும் இன்னொரு ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலும் 50-க்கு 30 தனியாக வர வேண்டும்.

ஒருவர் வாசிப்பில் 23, எழுத்தில் 20 எடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஜோடியில் 43. கேட்டலில் 12, பேச்சில் 16 என்றால் இந்த ஜோடியில் 28. கூட்டினால் 71 வருகிறது, ஆனாலும் ரிசல்ட்டில் 'நோ ஆப்தோ', அதாவது தேறவில்லை என்றுதான் இருக்கும். நம் ஊரில் புத்தகம் வைத்துப் படிக்கிறவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். வாசிப்பு நமக்குத் தானாக வந்துவிடுகிறது. சுற்றி ஒருவரும் ஸ்பானிஷ் பேசாத ஊரில் காதும் வாயும் பின்தங்கிவிடுகின்றன.

அதனால் உங்கள் 300 நிமிடத்தை நான் பிரித்தால், கேட்பதற்கு 100, பேசுவதற்கு 80, எழுதுவதற்கு 60, மீதி 60 வார்த்தைகளுக்கும் வாசிப்புக்கும். அதைவிட முக்கியம், ஒரு வாரம் முழுக்க ஒரே தலைப்பு. குடும்பம், வீடு, ஊர், சாப்பாடு, சந்தையும் விலையும், பஸ்ஸும் நேரமும், வேலை, உடம்பு, லீவு நாள் என்று எடுத்துக்கொண்டால் மூன்று மாதத்துக்குச் சரியாக வரும், கடைசி மூன்று வாரம் மாதிரித் தேர்வுக்கும் மிஞ்சும். திங்கட்கிழமை காதில் விழுந்த வாக்கியம் புதன்கிழமை பேனாவில் வர வேண்டும், ஞாயிற்றுக்கிழமை வாயில் வர வேண்டும். திங்கள் சாப்பாடு, புதன் வினைச்சொல், ஞாயிறு ஏதோ ஒரு பேச்சு என்று சிதறினால் எதுவும் வாயில் நிற்காது.

'ஊர்' என்ற தலைப்பை வைத்து ஒரு வாரத்தைப் பார்ப்போம்.

திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் 20 நிமிடம் கேட்டல். எழுத்து வடிவம் கூடவே கிடைக்கிற ஒரு ஒலிப்பதிவை எடுங்கள், நீளம் ஒன்றிலிருந்து இரண்டு நிமிடம் போதும். டெலேயை நடத்துகிற இன்ஸ்திதூதோ செர்வான்தெஸ் தன் தேர்வுத் தளத்தில் (examenes.cervantes.es) ஏ1 மாதிரித் தேர்வை ஆடியோவோடு இலவசமாகவே வைத்திருக்கிறது. ஆனால் அதை இப்போதே தீர்த்துவிடாதீர்கள், கடைசி வாரங்களுக்கு வேண்டும். இப்போதைக்கு உங்கள் பாடப்புத்தகத்தின் ஆடியோவே போதும். ஒரே ஒலிப்பதிவை வாரம் முழுக்க வைத்துக்கொள்ளலாம். தினம் புதிதாக ஒன்று கேட்பது முன்னேறுவது போலத் தோன்றும், ஆனால் காது பழகாது.

முதல் நாள் எழுத்தைப் பார்க்காமல் கேட்டு, யார் பேசுகிறார்கள், எங்கே, எதைப் பற்றி என்று மட்டும் பிடியுங்கள். இரண்டாம் நாள் எண், நேரம், விலை, இடப்பெயர் மட்டும். தேர்விலும் ஒவ்வொரு பதிவையும் இரண்டு முறை ஓட்டுவார்கள், அதனால் முதல் தடவை கதை, இரண்டாம் தடவை விவரம் என்று இப்போதே பழகிக்கொள்ளலாம். மூன்றாம் நாள்தான் எழுத்து வடிவத்தைத் திறக்க வேண்டும். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்த நாளில் இதைச் செய்யுங்கள், பென்சில் வேண்டும்.

தப்பவிட்ட ஒவ்வொரு இடத்திலும் ஏன் தப்பியது என்று ஒரு குறி போடுங்கள். காரணம் பொதுவாக மூன்றில் ஒன்றாக இருக்கும்: வார்த்தையே தெரியாது; வார்த்தை தெரியும், ஆனால் சேர்த்துச் சொன்னதால் அடையாளம் தெரியவில்லை; இல்லையென்றால் எண். முதல் வகைக் குறி அதிகமாக இருந்தால் சொல் படிக்க வேண்டும். இரண்டாம் வகை அதிகம் என்றால் எத்தனை வார்த்தை மனப்பாடம் செய்தாலும் பயனில்லை, அதற்கு மருந்து டிக்டேஷன்தான். வியாழன், வெள்ளி அந்த ஒலிப்பதிவிலேயே நாலு வரியை நிறுத்தி நிறுத்திக் கேட்டு எழுதுங்கள்.

சேர்த்துச் சொல்வது என்றால் இப்படி. புத்தகத்தில் 'மி எர்மானோ' என்று இரண்டு வார்த்தையாக இருக்கும், காதில் 'மியெர்மானோ' என்று ஒன்றாக விழும். 'ஆ கே ஓரா' என்று எழுதியிருப்பது ஒரே மூச்சில் 'ஆக்கேயோரா' ஆகிவிடும். ஸ்பானிஷில் உயிரெழுத்தில் முடிகிற சொல்லும் உயிரெழுத்தில் தொடங்குகிற சொல்லும் ஒட்டிக்கொள்ளும். நம் புணர்ச்சி மாதிரிதான், எழுத்தில் மட்டும் காட்ட மாட்டார்கள். இது தெரிந்துவிட்டால் பாதி 'வேகமாகப் பேசுகிறார்கள்' புகார் போய்விடும்.

எண்கள் தனிப் பிரச்சினை. 60-க்கு செஸெந்தா, 70-க்கு செதெந்தா, நடுவில் ஒரே ஒரு மெய்யொலிதான் வித்தியாசம். 2 தோஸ், 12 தோஸே. ஸ்பெயின்காரர் வாயில் அதே 12 நாக்கு நுனியைப் பல்லுக்கு நடுவில் வைத்துச் சொல்கிற 'தோத்தே' மாதிரி வரும். இரண்டு வகை உச்சரிப்பும் தேர்வில் வரலாம். மணி சொல்வதும் அப்படியே: 6:45-ஐ ஸ்பெயினில் 'லாஸ் சியேதே மேனோஸ் குவார்தோ', ஏழில் கால் குறைவு என்பார்கள். மெக்சிகோவில் 'குவார்தோ பாரா லாஸ் சியேதே', ஏழுக்கு இன்னும் கால் என்பார்கள். உங்களுக்கு இதற்குப் பயிற்சி இடம் கையிலேயே இருக்கிறது. கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் நிற்கிறபோது தருமபுரி, ஓசூர், திருவண்ணாமலை வண்டி கிளம்புகிற நேரத்தை ஸ்பானிஷில் சொல்லி அத்தைப் பெண்ணுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்கள். அவர் இலக்கத்தில் திருப்பி அனுப்பட்டும். தப்பு உடனே தெரிந்துவிடும், நடிக்க முடியாது.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். நோட்டில் ஸ்பானிஷைத் தமிழ் எழுத்தில் எழுதாதீர்கள். நான் இங்கே எழுதுவது படிக்க வசதிக்காக. 'மி தீயா' என்று நீங்கள் எழுதிவைத்தால் அது என் அத்தையா, என் நாளா என்று அடுத்த வாரம் உங்களுக்கே தெரியாது. இரண்டும் ஸ்பானிஷில் வேறு வேறு மெய்யெழுத்து, நம் எழுத்தில் ஒரே த. ப, க-வுக்கும் இதே கதிதான்: முத்தமும் எடையும் இரண்டுமே 'பெஸோ' ஆகிவிடும். உச்சரிப்பில் நமக்கு ஒரு லாபமும் உண்டு. இங்கிலீஷ் வழியாகப் படிக்கிறவர்கள் 'டூ', 'டாக்கோ' என்று ட போடுவார்கள். ஸ்பானிஷில் அது நம் த, பல்லில் நாக்குப் படுகிற ஒலி. அதை விட்டுவிட்டு இங்கிலீஷ் வாடைக்குப் போகாதீர்கள்.

புதன்கிழமை இரவு 40 நிமிடம் எழுத்து. தேர்வில் இரண்டு வேலை: ஒரு படிவத்தை நிரப்புவது, 30 முதல் 40 வார்த்தையில் ஒரு சிறு மெயிலோ அஞ்சலட்டையோ எழுதுவது. படிவத்தை இரண்டு வாரம் பழகினால் போதும், அதில் பெரிய விஷயம் இல்லை. மெயிலில்தான் மார்க் போகிறது. கேள்வியில் எதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று குறிப்புகள் கொடுத்திருப்பார்கள். அதில் ஒன்றை விட்டுவிட்டு அழகாக எழுதுவதைவிட எல்லாவற்றையும் தொட்டு எளிமையாக எழுதுவது மேல்.

இந்த வாரக் கேள்வி இது: மரியா என்ற தோழிக்கு உங்கள் ஊர் எங்கே இருக்கிறது, அங்கே என்ன இருக்கிறது, உங்களுக்கு என்ன பிடிக்கும் என்று சொல்லி, ஊருக்கு வரச் சொல்லி எழுதுங்கள். முதல் தடவை எழுதினால் பெரும்பாலும் இப்படி வரும்: 'மி சியுதாத் எஸ் என் தமிழ்நாடு. என் மி சியுதாத் எஸ்தா உன் மெர்காதோ. யோ குஸ்தோ லோஸ் மாங்கோஸ்.' மூன்று வாக்கியத்தில் மூன்று தப்பு. மூன்றும் இங்கிலீஷில் யோசித்து எழுதியதால் வந்தவை. தமிழிலிருந்து நேராகப் போயிருந்தால் பாதித் தப்பு வந்திருக்காது.

'எனக்கு மாம்பழம் பிடிக்கும்' என்பதில் 'எனக்கு' வருகிறது, 'நான்' வரவில்லை. ஸ்பானிஷிலும் அதே அமைப்பு: 'மே குஸ்தா'. 'எனக்குத் தலை வலிக்குது' என்பதும் 'மே துவேலே லா கபேஸா' என்று அச்சாக நம் வழியிலேயே போகும். ஒரே ஒரு இடத்தில் தமிழ் காலை வாரும். பிடிக்கிற பொருள் ஒன்றாக இருந்தாலும் பத்தாக இருந்தாலும் நம் 'பிடிக்கும்' மாறாது. ஸ்பானிஷில் மாம்பழங்கள் என்று பன்மை வந்தால் 'மே குஸ்தான்' என்று வினை மாறியாக வேண்டும்.

இடம் சொல்வதற்கும் ஒரு வழி இருக்கிறது. 'நான் அக்கவுண்டன்ட்' என்று 'இருக்கு' இல்லாமல் முடிகிற இடத்தில் பெரும்பாலும் 'சோய், எஸ்' குடும்பம். 'இருக்கு' வந்து இடத்தைச் சொன்னால் அது வராது, அங்கே 'எஸ்தா' அல்லது 'ஐ'. இந்த இரண்டில் எது என்பதைத் தமிழ் வாக்கியத்தின் வரிசையே காட்டும். 'சந்தை பஸ் ஸ்டாண்டு பக்கத்துல இருக்கு' என்றால் எந்தச் சந்தை என்று இருவருக்கும் தெரியும், இடத்தைத்தான் சொல்கிறோம்: எஸ்தா. 'பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு சந்தை இருக்கு' என்றால் அப்படி ஒன்று உண்டு என்பதே செய்தி: ஐ. வாக்கியத்தில் 'ஒரு' எட்டிப் பார்த்தால் 'ஐ' போடுங்கள். ஏ1 அளவுக்கு இந்த அடையாளம் தாராளமாகப் போதும்.

திருத்தி எழுதினால் இப்படி ஆகும்:

'ஓலா, மரியா: மி சியுதாத் எஸ்தா என் தமிழ்நாடு, செர்கா தே பெங்களூரு. ஐ உன் மெர்காதோ கிராந்தே இ உனா பிரெஸா. மே குஸ்தான் முச்சோ லோஸ் மாங்கோஸ் தே ஆக்கீ. என் மாயோ ஆஸே கலோர். கியேரெஸ் பெனீர் என் ஹூனியோ? உன் அப்ராஸோ, கவிதா.'

ஊர் தமிழ்நாட்டில், பெங்களூரு பக்கம், பெரிய சந்தையும் அணையும் உண்டு, இங்கத்து மாம்பழம் ரொம்பப் பிடிக்கும், மே மாதம் வெயில், ஜூனில் வர்றியா? இவ்வளவுதான். 35 வார்த்தைக்குப் பக்கம் வரும், கேட்டது எல்லாம் இருக்கிறது. கே.ஆர்.பி. அணையின் வரலாற்றை ஆரம்பித்தால் கடந்த கால வினை வேண்டும், அது ஏ1-க்குத் தேவையே இல்லை. தெரியாத இடத்துக்குப் போய் மார்க்கை இழக்காதீர்கள்.

எழுதியதை அன்றே திருத்தாமல் அத்தைப் பெண்ணுக்கு அனுப்பிவிடுங்கள், அவருடையது உங்களுக்கு வரட்டும். ஒருவர் மற்றவர் தாளில் வினையின் முடிவு, ஆண்பால் பெண்பால், ஒருமை பன்மை மூன்றை மட்டும் வட்டம் போட்டால் போதும். வெள்ளிக்கிழமை 20 நிமிடம் அதே மெயிலைப் பழையதைப் பார்க்காமல் மறுபடி எழுதுங்கள். இந்த இரண்டாம் தடவையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். திருத்திய தாளைப் பார்த்துத் தலையாட்டினால் அதே தப்பு அடுத்த புதனும் வரும்.

இனிப் பேச்சு. தேர்வில் மூன்று கட்டம். முதலில் உங்களைப் பற்றி ஒன்றிரண்டு நிமிடம் சொல்ல வேண்டும். பிறகு ஒரு தலைப்பில் தாளில் இருக்கிற ஐந்து உட்தலைப்புகளில் மூன்றைப் பற்றி இரண்டு மூன்று நிமிடம். இந்த இரண்டையும் அந்த 10 நிமிடத்தில் தயாரிக்கலாம். குறிப்பெடுத்துக்கொள்ளலாம், அவ்வப்போது பார்க்கலாம், ஆனால் வாசிக்கக் கூடாது. மூன்றாவது, தேர்வாளரோடு உரையாடல். அதைத் தயாரிக்க முடியாது, நீங்களும் அவரிடம் கேள்வி கேட்க வேண்டும். அறையில் இன்னொருவரும் உட்கார்ந்திருப்பார். அவர் மார்க் போடுகிறவர், பேச மாட்டார்.

இரண்டு பேரும் தொடக்க நிலையில் இருந்துகொண்டு பேசிப் பழகுவதில் ஒரு சிக்கல் உண்டு. நீங்கள் எப்படித் தப்பாகச் சொன்னாலும் அவருக்குப் புரியும், ஏனென்றால் உள்ளே ஓடுவது தமிழ். பத்தாவது நிமிடத்தில் 'சரி, அதை எப்படிச் சொல்றது?' என்று பேச்சே தமிழுக்கு வந்துவிடும். அதனால் ஞாயிறு ஒரு மணி நேரத்தை அரட்டையாக விடாமல், ஒருவர் தேர்வாளர், ஒருவர் தேர்வு எழுதுகிறவர் என்று ஆட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். தேர்வாளர் முதல் நாளே ஐந்து உட்தலைப்பு எழுதி வைத்திருக்க வேண்டும். 'ஊர்' என்றால்: எங்கே இருக்கிறது, என்ன பார்க்கலாம், சாப்பாடு, தட்பவெப்பம், எப்படிப் போவது. கடிகாரம் வைத்து 10 நிமிடம் தயாரிப்பு, 10 நிமிடம் பேச்சு. போனில் பதிவு செய்யுங்கள். நடுவில் திருத்தக் கூடாது, தமிழ் வரக் கூடாது. வார்த்தை வராவிட்டால் 'கோமோ சே தீஸே?' என்று ஸ்பானிஷிலேயே கேட்கலாம், இல்லையென்றால் தெரிந்த வார்த்தையால் சுற்றி வளைத்துச் சொல்லலாம். பிறகு இடம் மாறுங்கள்.

இரண்டு சுற்றும் முடிந்தபின் பதிவைச் சேர்ந்து கேட்டு, ஒருவருக்கு இரண்டு திருத்தம் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். எது சரி என்று இருவருக்கும் சந்தேகம் என்றால் வாதாடாமல் புத்தகத்தைத் திறங்கள். பதிவைக் கேட்கும்போது இன்னொன்றும் தெரியும்: கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே எத்தனை விநாடி மௌனம் போகிறது என்று. அது வாராவாரம் குறைகிறதா என்பதுதான் பேச்சு முன்னேறுகிறதா என்பதற்கு நம்பகமான அடையாளம். மனப்பாடப் பேச்சும் பதிவில் உடனே மாட்டிக்கொள்ளும். சுய அறிமுகம் மழையாகப் பொழியும், அடுத்து 'உங்கள் ஊருக்குப் பஸ் உண்டா?' என்று ஒரு சின்னக் கேள்வி கேட்டதும் நின்றுவிடும். அப்படி இருந்தால் அறிமுகத்தைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டு கேள்வி கேட்பதைப் பழகுங்கள். வியாழன் இரவு 20 நிமிட போன் அதற்குத்தான்: ஒருவர் பத்துக் கேள்வி, மற்றவர் பத்துப் பதில், பிறகு மாற்றி. ஒரு வாரம் 'தூ', மறு வாரம் 'உஸ்தேத்' போட்டுப் பேசுங்கள். நீ, நீங்கள் என்று வினை மாறிப் பழகியவர்களுக்கு இது கஷ்டமில்லை, மறந்துதான் போகும்.

மாதம் ஒரு முறையாவது தமிழ் தெரியாத ஒருவரிடம் பேசிவிடுங்கள், ஆன்லைன் டியூட்டரோ மொழிப் பரிமாற்றத் துணையோ. நேரம் பொருந்துமா என்ற கவலை வேண்டாம். நமக்குக் காலை 6:30 என்றால் மெக்சிகோ நகரில் முந்தைய நாள் இரவு 7 மணி. நமக்கு இரவு 9 என்றால் ஸ்பெயினில் குளிர்காலத்தில் மாலை 4:30, கோடையில் 5:30. அவர் 'கோமோ?' என்று திரும்பக் கேட்கிற இடங்களைக் குறித்துவையுங்கள். உங்கள் அத்தைப் பெண்ணுக்குப் புரிந்து அவருக்குப் புரியாதது எதுவோ, அதுதான் அடுத்த வாரப் பாடம்.

கடைசி மூன்று வாரம் செர்வான்தெஸ் மாதிரித் தேர்வைக் கடிகாரம் வைத்து எழுதுங்கள். கேட்டலை இயர்போன் இல்லாமல், அறையில் ஸ்பீக்கரில் போட்டுச் செய்யுங்கள். தேர்வறையிலும் பெரும்பாலும் அப்படித்தான் ஒலிக்கும். இயர்போனில் மட்டும் பழகிய காது அங்கே தடுமாறும். தப்பான பதிலுக்கு மார்க் குறைப்பதில்லை, அதனால் எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதீர்கள். கேட்டலில் 25 கேள்வி, ஒவ்வொன்றும் ஒரு மார்க். வீட்டில் 17, 18 நிலையாக வந்தால் தைரியமாகப் போகலாம். 13, 14-லேயே நின்றால் மீதி நாளில் வாசிப்பைத் தொடவே வேண்டாம், அந்த நேரமும் டிக்டேஷனுக்கே.

தேர்வுக்குப் பெயர் கொடுக்கிற விஷயத்தை இந்த வாரமே பாருங்கள், மூன்று மாதம் நீளம் போலத் தெரிந்தாலும் விண்ணப்பம் தேர்வுக்குப் பல வாரம் முன்பே மூடிவிடும். மேலே சொன்ன தளத்தில் இந்திய மையங்களும் தேதிகளும் இருக்கும். ஊருக்குப் பக்கமாக எந்த மையத்தில் எந்தத் தேதிக்கு ஏ1 நடக்கிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பேச்சுத் தேர்வு எழுத்துத் தேர்வு நாளில் இல்லாமல் வேறு நாளில் வரலாம், எனவே இருவரும் இரண்டு பயணத்துக்கு லீவு யோசித்துவையுங்கள். பெயரை அடையாள அட்டையில் இருப்பது போலவே, இனிஷியலோடு சேர்த்துப் பார்த்துப் போடுங்கள். சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும், பெயர்த் தப்பும் கூடவே வரும். ரிசல்ட் உடனே வராது, மாதக்கணக்கு ஆகும். உங்கள் நோக்கம் பெங்களூருவில் ஸ்பானிஷ் வேலை என்றால் அங்கே பெரும்பாலும் மேல் நிலைகளான பி1, பி2 கேட்பார்கள் என்பதையும் தெரிந்துகொண்டே பணம் கட்டுங்கள். அப்படி என்றால் உங்கள் நிலை எதுவோ அதைச் சொல்கிற 'சியேலே' என்ற கணினித் தேர்வும் இருக்கிறது. ரிசல்ட் மூன்று வாரத்துக்குள் வரும், ஆனால் ஐந்து வருஷத்துக்குத்தான் செல்லும். காலேஜ் கடைசி வருஷத்தில் இருக்கிற உங்கள் அத்தைப் பெண்ணுக்கு டெலே ஏ1-தான் சரி என்பது என் கருத்து. நீங்கள் பி1 வரை போகிற எண்ணத்தில் இருந்தால் ஏ1-க்குப் பணம் கட்டாமல், இதே வார ஏற்பாட்டை இன்னும் நாலைந்து மாதம் நீட்டி நேராக ஏ2 எழுதலாம்.